ஏற்காட்டிலிருந்து ஒரு கல்விக்கடன் கணக்கு

வங்கி எனக்காகக் கல்லூரிக்குக் கட்டியது 10 லட்சம் ரூபாய். நான் முதல் தவணை கட்ட வேண்டிய நாளில் கணக்கில் நின்ற பாக்கி 14.5 லட்சம். இடையில் யாரும் ஏமாற்றவில்லை, அபராதமும் இல்லை. கல்விக்கடன் என்பதே அப்படித்தான் நடக்கும். கடன் வாங்கும்போது அதை எங்கள் வீட்டில் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பணத்தைப் பற்றி வெளியே எழுதுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். நடுவில் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. எனக்குத் தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். இடம் கிடைத்தது. கல்லூரிக் கட்டணம், விடுதி, கருவிகள் எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 2,63,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு அப்பா கையில் அவ்வளவு பணம் கிடையாது. சேலத்தில் இறங்கி, ஒரு வங்கியில் கல்விக்கடன் கேட்டோம்.

முதலில் அடமானக் கதையைச் சொல்கிறேன். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி பின்னால் நிற்பதால் அங்கேயும் சொத்து இல்லாமல், வெளி ஜாமீன் இல்லாமல் தரலாம். அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். எங்களுக்குத் தேவை 10 லட்சம். அப்பா யோசிக்கவே இல்லை, "தோட்டத்தப் பத்திரத்தோட வெச்சிடலாம்" என்றார். வங்கியின் வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்தோம், மதிப்பீடு செய்யும் இன்ஜினியரை வண்டி வைத்து மலைக்குக் கூட்டிவந்து காட்டினோம். இரண்டு பேருக்கும் கூலி, வண்டி வாடகை என்று எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதற்குப் பிறகுதான் மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா, இது விவசாய நிலம், கல்விக்கடனுக்கு எடுக்க மாட்டோம்" என்றார்.

நிலத்தில் குறை எதுவும் இல்லை. கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு உரிமை தரும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சர்ஃபாசி என்பார்கள். அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் பயிர்க்கடனுக்கு அதே நிலத்தை வாங்கிக்கொள்ளும் வங்கி, கல்விக்கடன் என்றால் தயங்குகிறது. மலையில் நம்மில் பலருக்கு இருக்கும் ஒரே சொத்து தோட்டம்தான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். வக்கீலுக்கும் இன்ஜினியருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால், பட்டாவையும் சிட்டாவையும் மேலாளரிடம் காட்டி, "இந்த வகை நிலத்தை இந்தக் கடனுக்கு எடுப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள். புன்செய் என்று இருந்தால் பெரும்பாலும் அங்கேயே பதில் தெரிந்துவிடும். அந்த எட்டாயிரம் திரும்பி வரவில்லை. அதைவிட, கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அப்பா முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் அம்மாப்பேட்டையில் இருக்கும் தாய்மாமா தன் வீட்டைக் கொடுத்தார். "படிக்கிற புள்ளைக்குத்தானே, எடுத்துக்க கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் அடுத்தவர் சொத்து என்றால் பத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வதோடு விஷயம் முடியாது. மாமா கடனுக்கு ஜாமீன்தாரராகவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, வீட்டுவரி ரசீது எல்லாம் கேட்டார்கள். அப்புறம் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், எங்களுக்கு 5,000 ரூபாய். பதிவுக் கட்டணமும், மறுபடி வக்கீல், இன்ஜினியர் செலவும் தனி. கடன் கிடைத்த மகிழ்ச்சியில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாமாவுக்கு இரண்டு வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது அந்த வீட்டைக் காட்டி அவரால் எங்கேயும் கடன் வாங்க முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை சொன்னார். சொந்தக்காரர் வீட்டை வைப்பவர்கள், கடன் முழுக்க முடியும்வரை, அதாவது பதினைந்து இருபது வருடம்கூட, அந்தப் பத்திரம் வெளியே வராது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடுவில் நிரந்தர வைப்போ வேறு வீடோ கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வங்கி சம்மதிக்க வேண்டும், செலவும் முதலிலிருந்து தொடங்கும்.

அப்பா இணை விண்ணப்பதாரர். கோ-அப்ளிகண்ட் என்றுதான் எல்லா ஃபாரத்திலும் இருக்கும். பிள்ளைக்கு வருமானம் இல்லாததால் பெற்றவரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னார்கள். அப்பா அதைப் பள்ளிக்கூடத்தில் போடும் பெற்றோர் கையெழுத்து மாதிரி நினைத்துப் போட்டார். உண்மையில் அது அவருடைய கடனும்தான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. கடன் கணக்கு, ஒருவர் கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் அறிக்கையில் என் பெயரில் எப்படிப் பதிவாகிறதோ அப்படியே அவர் அறிக்கையிலும் பதிவாகிறது. இதன் அர்த்தம் என்ன என்று பின்னால் புரிந்தது, அங்கே வருகிறேன். விண்ணப்பிக்கும் முன் இணை விண்ணப்பதாரரின் சிபில் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். என்றைக்கோ முடிந்த வண்டிக் கடன் முடியாததாகக் காட்டிக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும்.

சரி, கடன் சாங்க்ஷன் ஆனது. 4 லட்சத்துக்கு மேல் என்பதால் உள்நாட்டுப் படிப்புக்கு நம் பங்கு 5 சதவீதம். ஒவ்வொரு வருடமும் நாங்கள் 13,000 ரூபாய் கட்டினால் வங்கி மீதி 2.5 லட்சத்தை நேராகக் கல்லூரிக்கு அனுப்பும். மொத்தப் பணமும் முதல் நாளே வராது. வருடா வருடம் கல்லூரியிலிருந்து கட்டணக் கடிதமும், போன வருட மதிப்பெண்ணும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னால் கொடுப்பது நல்லது, இல்லாவிட்டால் கல்லூரியில் தாமதக் கட்டணம் நம் தலையில்தான் விழும்.

இப்போது முக்கியமான இடம். மாரடோரியம் என்றால் தவணை கட்ட வேண்டாத காலம். படிப்புக் காலம் முழுவதும், அதற்குப் பிறகு ஒரு வருடம். எங்களிடம் மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: "படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்." ஒன்றும் கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி ஓடாது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் அப்படி எடுத்துக்கொண்டோம். வட்டி, கல்லூரிக்குப் பணம் போன நாளிலிருந்தே ஓடுகிறது. ஒரு நல்ல விஷயம், அந்தக் காலத்தில் அது தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. மாரடோரியம் முடியும் நாளில் சேர்ந்த வட்டி முழுவதையும் அசலோடு கூட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் இஎம்ஐ போடுவார்கள். அதற்குப் பிறகு நாம் பழைய வட்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறோம்.

என் கணக்கையே போடுகிறேன். வட்டி விகிதம் நடுவில் ஏறி இறங்கும், எளிதாக இருக்க 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 லட்சத்துக்கு வருட வட்டி 25,000. பி.டி.எஸ். நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் கட்டாய உள்ளிருப்புப் பயிற்சி, அதாவது ஹவுஸ் சர்ஜன். ஆக ஐந்து வருடம், மாரடோரியத்தின் கூடுதல் ஒரு வருடத்தோடு ஆறு. முதல் வருடம் போன பணத்துக்கு ஆறு வருட வட்டி, இரண்டாவதுக்கு ஐந்து, மூன்றாவதுக்கு நான்கு, கடைசிக்கு மூன்று. மொத்தம் பதினெட்டு இருபத்தைந்தாயிரங்கள், 4.5 லட்சம். இப்படித்தான் 10 லட்சம் 14.5 லட்சம் ஆனது.

இதைத் தடுத்திருக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். முதல் வருடத்தில் மாத வட்டி 2,083 ரூபாய்தான். நான்காவது தொகையும் போன பிறகுதான் அது 8,333 ஆகிறது. படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவிட்டால் ஆறு வருடம் கழித்துப் பாக்கி 10 லட்சமாகவே நிற்கும். பத்து வருடத் தவணை என்றால் 10 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 13,215. 14.5 லட்சத்துக்கு 19,160. நடுவில் கட்டிய 4.5 லட்சத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் மிச்சம். முழு வட்டியும் கட்ட முடியாத வீடுகள் உண்டு, எங்கள் வீடும் அப்படித்தான். ஆனால் முதல் இரண்டு வருடம் மட்டும் கட்டியிருக்கலாம். மிளகு விற்ற வருடங்களில் அப்பா கையில் அந்தப் பணம் இருந்தது. இப்படிக் கட்டினால் வட்டி விகிதத்தில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, சாங்க்ஷன் ஆகும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதியானதாக இருந்தால், மாரடோரியக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. தாசில்தார் தரும் வருமானச் சான்றோடு வங்கி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கியே தானாகச் செய்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

என்னைப் புரட்டிப் போட்டது வட்டிகூட இல்லை, தேதி. ஹவுஸ் சர்ஜன் முடியும் தறுவாயில் ஒரு நாள் ஃபோனுக்கு இஎம்ஐ பற்றிச் செய்தி வந்தது. 17,840 ரூபாய், அடுத்த மாதம் 5-ஆம் தேதி. எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே, தவறாக வந்திருக்கும் என்று நினைத்தேன். கிளைக்கு ஃபோன் செய்தால் "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு மேடம்" என்றார்கள். சாங்க்ஷன் லெட்டரை எடுத்துப் பார்த்தபோது படிப்புக் காலம் "4 ஆண்டுகள்" என்று போட்டிருந்தது. கட்டணம் நான்கு வருடத்துக்குத்தானே, அதையே படிப்புக் காலமாகவும் ஏற்றிவிட்டார்கள். கட்டணம் இல்லாத ஐந்தாவது வருடம், பயிற்சி வருடம், அவர்கள் கணக்கில் வரவே இல்லை. அதனால் நான்கோடு ஒன்று சேர்த்து, ஐந்தாவது வருட முடிவிலேயே தவணை தொடங்கிவிட்டது. நான் இன்னும் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவுகூடச் செய்திருக்கவில்லை.

வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன், பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் இரண்டு தவணைகள் தவறின. இணைத்த கணக்கில் பணம் இல்லாமல் ஒவ்வொரு முறையும் திரும்பியதற்குத் தனிக் கட்டணம் வேறு. அந்த நேரத்தில்தான் அப்பா தோட்டத்துக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்க வேறு இடத்தில் கடன் கேட்டிருந்தார். சிபிலில் தவணை தவறியது காட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு கடனைக்கூடத் தள்ளிப்போடாத மனிதர். "என் பேர்ல ஏம்மா காட்டுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது.

காரியம் நடந்தது எழுத்தில் கொடுத்த பிறகுதான். கல்லூரியில் ஒரு சான்று வாங்கினேன். படிப்பு நான்கு வருடம், கட்டாயப் பயிற்சி ஒரு வருடம், பயிற்சி தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று தேதியோடு. அதையும் சாங்க்ஷன் லெட்டர் நகலையும் வைத்து, படிப்புக் காலத்தைத் திருத்தி மாரடோரியத் தேதியை மாற்றவும், அபராத வட்டியையும் தவணை திரும்பியதற்கான கட்டணங்களையும் நீக்கவும், சிபிலில் திருத்தி அனுப்பவும் கேட்டு மனுக் கொடுத்தேன். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரைதான் முக்கியம். எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். நான் அதுவரை போகவில்லை, போவேன் என்று மனுவின் கடைசி வரியில் எழுதியிருந்தேன். தேதி மாறியது. வங்கி திருத்தியதோடு நிற்காமல் சிபில் தளத்திலும் நானே ஒரு ஆட்சேபணை பதிவு செய்தேன். இரண்டு பக்கமும் தட்டினால்தான் அது நகர்கிறது. 90 நாளைத் தாண்டியிருந்தால் கணக்கு வாராக்கடனாகப் போயிருக்கும், அதற்கப்புறம் திருத்துவது பெரும்பாடு.

தேதி மாறியதில் எனக்கு ஒரு செலவும் இருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு வருடத்துக்கு 10 லட்சத்தின் வட்டி 1 லட்சம். 13.5 லட்சமாக நின்றிருக்க வேண்டியது 14.5 ஆனது அதனால்தான். வேலை கிடைத்திருந்தால் நான் முன்பே கட்டத் தொடங்கியிருப்பேன், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் சேலத்தில் எனக்குக் கிடைத்த முதல் க்ளினிக் வேலையில் சம்பளம் 15,000. அதில் 17,840 எங்கே கட்டுவது?

ஆகவே கடன் வாங்குகிறவர்கள் சாங்க்ஷன் லெட்டரில் இரண்டு வரிகளைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஒன்று, படிப்புக் காலம். மருத்துவம் சார்ந்த படிப்பு என்றால் பயிற்சிக் காலமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, தவணை தொடங்கும் வரி. சில கடிதங்களில் பழைய வாசகம் இன்னும் இருக்கும்: படிப்பு முடிந்து ஒரு வருடம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அது. அப்படி இருந்தால் வேலைக்குச் சேர்ந்த நாளும் கணக்கில் வரும். எந்த வாசகமாக இருந்தாலும் பட்டமளிப்பு விழாத் தேதிக்கும் தவணைக்கும் தொடர்பில்லை, கணக்கு படிப்பு முடியும் தேதியிலிருந்துதான். அரியர் விழுந்து படிப்பு நீண்டாலும் வங்கிக்குத் தானாகத் தெரியாது. கல்லூரிச் சான்றோடு கேட்டால் அதிகபட்சம் இரண்டு வருடம்வரை நீட்டிக்கத் திட்டத்தில் இடம் இருக்கிறது. வேலை இல்லாமல் தவிக்கும் காலத்துக்கும் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், கொடுப்பது வங்கியின் முடிவு. எதுவானாலும் தவணை தவறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

நான் பதினைந்து வருடத் தவணையைத் தேர்ந்தெடுத்தேன், மாதம் சுமார் 15,580. அப்பாவும் பாதி போடுகிறார். பதினைந்து வருடம் அப்படியே கட்டினால் மொத்தம் 28 லட்சம் போகும் என்று தெரியும். வேறு வழியில்லை. பத்து வருடத் தவணை என் சம்பளத்துக்கு எட்டவில்லை. மாறும் வட்டியில் இருக்கும் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பதால், மாலையில் இன்னொரு க்ளினிக்கில் வேலை செய்து கிடைப்பதை அசலில் கட்டுகிறேன். கட்டும்போது "அசலுக்கு" என்று எழுதிக் கொடுத்து, தவணைத் தொகையைக் குறைக்காமல் மாதங்களைக் குறைக்கச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் கல்லூரி சேரப்போகும் தம்பிக்கு அடமானமே இல்லாமல் முயற்சி செய்கிறோம். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், அரசு பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் சொத்தும் ஜாமீனும் கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு மாரடோரியக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டும். அதனால் அவன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

மாமா பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் வங்கியைக் கொண்டு அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் மாமா வீடு அடமானத்தில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.